டிவிக்குப் பின்னால் ஒரு பழுப்புக் கறை

விருதுநகர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சுந்தரம்,

பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. போன தீபாவளிக்குத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாய், அதற்குள் டிவி ஸ்டாண்டைப் பிடித்து எழுந்து நிற்கிறாளா! எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஏணி ஏறும் வேலையெல்லாம் இப்போது மகன் பார்க்கிறான். நான் கடையில் உட்கார்ந்து ஸ்விட்ச் விற்கிறேன்.

டிவிக்குப் பின்னால் இருக்கும் ஒயர் கூளத்தைப் படம் பிடித்து, "பாப்பா கை வைப்பதற்குள் எப்படி ஒழுங்குபடுத்துவது" என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும், அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார். தரையில் கிடக்கும் வெள்ளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு பிளக் பாயிண்ட். மூன்றாவது காலியாக இருக்கிறது. அதன் கீழ் வரிசையில் வலது துளையைச் சுற்றி மட்டும் பழுப்பாக ஒரு வளையம் தெரிகிறதா? அழுக்கென்றால் எல்லாத் துளையிலும் ஒரே மாதிரி படிந்திருக்கும். இது ஒரே துளையில் சூடு ஏறி பிளாஸ்டிக் வெந்த கறை. அதனால்தான் நேற்று போனில் "அங்கே என்ன சொருகுவீர்கள்" என்று கேட்டேன். மருமகள் காலையில் அங்கேதான் சட்டை தேய்ப்பாள் என்றாய்.

அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றால் 4.3 ஆம்பியர் இழுக்கும். துளைக்குள் இருக்கும் பித்தளைப் பட்டை தளர்ந்து, பின்னை இறுக்கிப் பிடிக்காமல் போனால் அந்த இடத்தில் தடை ஏறும். அரை ஓம் ஏறினாலே போதும், மிளகு அளவு இடத்தில் 9 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். சின்ன சால்டரிங் அயர்னை உள்ளே வைத்த மாதிரிதான். அதே தளர்ந்த துளையில் 100 வாட் டிவியைச் சொருகினால், மின்னோட்டம் பத்தில் ஒன்று, சூடு நூறில் ஒன்று. டிவியும் செட்டாப் பாக்ஸும் வைஃபையும் சேர்ந்தாலே ஒரு ஆம்பியர் வராது. ஆகவே உன்னைப் பயமுறுத்திய அந்த ஒயர்ச் சிக்கல் தானாகச் சூடாகப் போவதில்லை. ஆபத்து அந்தக் கறையில்தான் இருக்கிறது. 4.3 ஆம்பியர் என்பது அளவுக்கு மீறிய மின்னோட்டம் இல்லை, அதனால் மின்னோட்டம் மீறினால் தானாக அணையும் எம்.சி.பி.யும் விழாது, அதை நம்பி இருக்காதே.

அந்த பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடு. மற்ற மூன்று பாயிண்ட் நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்ளாதே. ஒரே பித்தளைப் பட்டைதான் நாலுக்கும் பின்னால் ஓடுகிறது, சூடு பட்டால் அதன் பிடிப்பு திரும்ப வராது. மருமகளுக்குத் தனியாகச் சுவரில் இருக்கும் பவர் பிளக்கைக் கொடு.

படத்தில் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. பாக்ஸின் ஒயர் எந்தச் சுவர் பாயிண்டில் போய்ச் சேர்கிறதோ அது ஸ்டாண்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அயர்ன் பாக்ஸின் மின்னோட்டம் இத்தனை நாளும் அதன் வழியாகவும் போயிருக்கிறது. அங்கேயும் கறை இருந்தாலோ, பிளக் லொடலொடவென்று ஆடினாலோ நீ கை வைக்காதே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. அவரிடம் உன் வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடு. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். மெயின் அணைந்துவிட்டது என்று நம்பிக் கை வைத்துத் தூக்கி எறியப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி ஒயர்களுக்கு வருகிறேன். எதையும் பிடுங்குவதற்கு முன் இன்னும் நாலைந்து படம் கிட்டத்தில் எடுத்துக்கொள். மாஸ்கிங் டேப்பைக் கிழித்து ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டு. முக்கியமாக அந்த இரண்டு கறுப்பு அடாப்டர்கள். படத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கின்றன, முனையும் ஒரே அளவாக இருக்கலாம். ஆனால் ஒன்று 12 வோல்ட் 2 ஆம்பியர், இன்னொன்று 9 வோல்ட் என்று இருந்து, மாற்றிச் சொருகினால் 9 வோல்ட் பெட்டி போய்விடும். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். அதைப் படித்து எந்தப் பெட்டிக்கு என்று இப்போதே ஒட்டிவிடு.

ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் உருவி வெளியே வை. பழைய வீடுகளில் சில ஸ்விட்சுகள் நியூட்ரல் ஒயரில் மாட்டப்பட்டிருக்கும், அணைத்தாலும் கரண்ட் வரும் பேஸ் ஒயர் உயிரோடு நிற்கும். டிஷ் கேபிளைத் திருகிக் கழற்றுவதும் செட்டாப் பாக்ஸின் பிளக்கை உருவிய பிறகுதான். மாடியில் இருக்கும் டிஷ்ஷின் தலைக்கு 13 அல்லது 18 வோல்ட் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது. உயிரோடு கழற்றி நடுக் கம்பி ஓரத்தில் தொட்டால் உனக்கு ஒன்றும் ஆகாது, பெட்டிக்குத்தான் கேடு.

வைஃபை பெட்டிக்குள் போகும் மெல்லிய மஞ்சள் ஒயரைப் பார்த்தாயா? படத்தில் அது ஸ்டாண்டின் மூலையில் மடங்கி நிற்கிறது. அது செம்பு இல்லை, உள்ளே முடி போன்ற கண்ணாடி இழை. உள்ளங்கை அகல வளையமாகச் சுற்றி விடு, அதைவிடச் சிறிதாக மடக்காதே. மற்றவற்றோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம். வேலை முடிந்ததும் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். கழன்ற முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதே, உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கட்டுவதற்கு பிளாஸ்டிக் டேக் வேண்டாம், இழுத்து இறுக்கினால் ஒயரின் தோலில் வெட்டும். வெல்க்ரோ பட்டை வாங்கு, விரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டு. கரண்ட் ஒயர்கள் ஒரு கட்டு, எச்.டி.எம்.ஐ.யும் டிஷ் கேபிளும் இன்னொரு கட்டு. டிவியை முன்னால் இழுக்க ஒரு முழம் மிச்சம் விடு. அந்த மிச்சம் பின்பக்கமே நிற்கட்டும். இப்போது ஸ்டாண்டின் இடது ஓரத்தில் ஒரு வளையம் தொங்குகிறதே, பாப்பா முதலில் பிடிக்கப் போவது அதைத்தான். பிடித்து இழுத்தால் டிவியே அவள் மேல் சாயும்.

அப்புறம், சுவரின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு தெரிகிறது. வீடு துடைக்கும் ஈரம் அந்த பாக்ஸ் வரை வருகிறது. புதிய பாக்ஸின் பின்னால் திருகு மாட்டத் துளை இருக்கும், ஸ்டாண்டின் முதுகுப் பலகையில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டிவிடு.

எல்லாம் மாட்டி டிவி அரை மணி நேரம் ஓடிய பிறகு, புறங்கையால் ஒவ்வொரு பிளக்கையும் தொட்டுப் பார். சூட்டைப் படம் காட்டாது, கைதான் சொல்ல வேண்டும். அடாப்டர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. டிவியின் பிளக்கே சுட்டால் உடனே அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடு.

ஸ்டாண்டை நகர்த்தியதும் அந்தச் சுவர் பாயிண்டை டார்ச் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு. கூடவே பாப்பா நிற்கிற படமும் ஒன்று வேண்டும், வீட்டில் இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
ராமலிங்கம்