தங்க எழுத்து விரலில் ஒட்டினால்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அரக்குச் சிவப்புக் கல்யாணப் பத்திரிகைக் கவரில் தங்க மை எழுத்து நன்றாகவே விழுந்திருக்கிறது. 'ழ'வின் வால் மட்டும் கீழ்வரியை இடிக்கிறது, பார்த்துக்கொள். ஆனால் சாக் பென்சில் கோட்டை அழித்த இடத்தில் தங்கப்பொடி ஈஷியிருக்கிறதே, அதுதான் எனக்குக் கவலை.

நான் முதல் பெரிய ஆர்டராக மயிலாப்பூர் வீடு ஒன்றுக்கு 150 கவர் எழுதினேன். கொடுத்த மறுநாள் அவர்கள் மூலைக்கு மூலை மஞ்சள் தடவ உட்கார்ந்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் எனக்குப் போன். எல்லார் விரலிலும் தங்கம், கவரில் பாதிப் பெயர்தான் மிச்சம். ஆண்டர்சன் தெருவுக்கு ஓடி, என் காசில் வேறு கவர் வாங்கி 60 பேருக்கு மறுபடி எழுதினேன். அந்த ஆர்டரில் லாபம் எங்கே!

தங்கப்பொடி தண்ணீரில் கரையாது. அதைத் தாளோடு பிடித்துவைப்பது கம் அராபிக் பிசின்தான். கடையில் வாங்கும் மையிலும் அது போதாமல் இருக்கலாம். பத்து மில்லிக்கு மூன்று சொட்டு விட்டுக் கலக்கு, எழுதிப் பார், போதாவிட்டால் இன்னொரு சொட்டு. அள்ளி ஊற்றிவிடாதே. அதிகமானால் மை நிப்பிலிருந்து இறங்காது, காய்ந்தபிறகு வெடிக்கும். பொடி சீக்கிரம் அடியில் தங்கிவிடும் என்பதால் நாலைந்து பெயர் எழுதியதும் ஒருமுறை கிளறு. கிளறாவிட்டால் முதல் கவர் தங்கம், பத்தாவது கவர் மங்கல் மஞ்சள். இந்த மையை ஃபவுண்டன் பேனாவில் மட்டும் நிரப்பாதே, அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப்புதான்.

பளபளக்கும் கவர் என்றால் இன்னொரு தொல்லை உண்டு. மேல்பூச்சு மையை உறிஞ்சாது, கை எண்ணெய் பட்ட இடத்தில் மை முத்து முத்தாக ஒதுங்கும். உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்.

எழுதியதை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் ராத்திரி முழுக்கப் பரப்பி வை. நம்ம ஊர் மழைக்காலத்தில் நான் இரண்டு நாள் விடுகிறேன். அப்புறம் உலர்ந்த விரலால் தேய்த்துப் பார். பொடி ஒட்டினால் பிசின் போதவில்லை. ஒட்டாவிட்டால்தான் சாக் கோட்டை அழிக்க வேண்டும். நன்றாக ஒட்டிய எழுத்தும் ஈரத்துக்குத் தாங்காது, அது பிசினின் குணம். அதனால் மூலையிலிருந்து இரண்டு விரல் அகலம் விட்டே எழுது. கெட்டியான மஞ்சளாகத் தடவச் சொல்லி வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

இருநூறு கவருக்கு இருபது கவர் கூடுதலாகக் கேட்டு வாங்கு. இனிஷியல் தப்பும், பேர் தப்பும் கட்டாயம் வரும்.

மீதியை எழுதுவதற்கு முன்னால் ஒரு கவரில் மஞ்சள் தடவி எனக்குக் கூரியரில் அனுப்பு. நானும் தேய்த்துப் பார்க்கிறேன்.

அம்மா