வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவள் எழுதுவது

எங்கள் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் உங்கள் உறுப்பினர் ஒருவரின் மனைவி நான். பெயரை எழுதினாலும் உங்கள் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் எழுதவில்லை.

சென்ற பொதுக்குழுவில், இளையவர்கள் யாரும் தறிக்கு வருவதில்லை என்று வருத்தப்பட்டுப் பேசினீர்கள். கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் வந்திருக்கிறாள். அதனால் அவளும் நானும் ஆறு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அப்போது எங்களுக்குள் போய்வந்த கடிதங்களை அவள் சம்மதத்தோடு இங்கே எடுத்து எழுதுகிறேன். அம்மா பெண் சண்டை சங்கத்துக்கு எதற்கு என்று கேட்பீர்கள். படித்துவிட்டுக் கேளுங்கள்.

சண்டை இதுதான். அவளை நர்சிங்கில் சேர்க்க என் வளையலை அடகு வைத்திருந்தேன். அவளோ சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்றாண்டு டிப்ளமோவுக்கு இடம் வாங்கிவிட்டு வந்து நின்றாள். “தறிக் குழிக்குள் இறங்கவா பன்னிரண்டு வருடம் படிக்க வைத்தேன்?” என்று கத்தினேன். அவளும் சும்மா இருக்கவில்லை. “குழியில் இருப்பது அப்பா. நீ பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாய்?” என்றாள். பஸ் ஏறும்போது நான் வாசலுக்குக்கூட வரவில்லை. அவள் போன் செய்தால் எடுக்கவும் இல்லை. அதனால்தான் கடிதம் எழுதினாள்.

*

சேலம், செப்டம்பர் 4

அம்மாவுக்கு,

போனை எடுக்காவிட்டாலும் தபால்காரர் கொண்டுவருவதை வாங்கித்தானே ஆக வேண்டும்.

இங்கே பழகுவதற்கு வைத்திருக்கும் சிறு தறியில் நானும் என்னோடு படிக்கும் பெண்ணும் கோர்வை போட்டுப் பார்த்தோம். ஒரு சாண் நெய்வதற்குள் கரை சுருங்கிக்கொண்டது. பாவில் இழுவை சரியாக இருக்கிறது என்கிறார் ஆசிரியர். பிறகு எங்கே தப்பு? அப்பாவிடம் போனில் கேட்டேன். “அது உங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும்” என்று வைத்துவிட்டார்.

பாப்பா

*

காஞ்சிபுரம், செப்டம்பர் 11

பாப்பாவுக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

கரை நூல் ஓடும் நாடாவை யார் தள்ளியது? அந்தப் பெண் என்றால் தப்பு அவள் கையில் இருக்கிறது. உடலில் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கரை ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று வளைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதுதான் கோர்வை. திரும்பியதும் கரை நூலை இழுத்துவிட்டால் கரை சுருங்கும். தளர விட்டால் சேரும் இடத்தில் நூல் வளையம் வளையமாகத் துருத்தும். துணிக்கு மேலே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அடியில் விரலை வைத்துத் தடவிப் பார். பல் போலத் தட்டினால் தளர்வு, கயிறு போல விறைத்தால் இறுக்கம். மழை நாளில் பட்டு கொஞ்சம் தொய்யும், அப்போது கை தானாக மாறிக்கொள்ள வேண்டும். நெய்கிறவர் பலகையை அடிப்பதற்கு முன்னால், ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் இதெல்லாம் முடிந்துவிட வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் வேலை இது.

அம்மா

*

சேலம், செப்டம்பர் 20

அம்மா,

நீ சொன்னபடி தடவிப் பார்த்தேன். கயிறுதான். இடம் மாறி உட்கார்ந்து நானே கரை நாடாவைத் தள்ளினேன். மூன்றாவது நாள் கரை படுத்தது.

நேற்று ஊடை எண்ணும் வகுப்பு. நூல் எண்ணும் கண்ணாடியை எதன் மேலாவது வைத்துப் பாருங்கள் என்றார்கள். என் பெட்டியின் அடியில் நீ விரித்து வைத்த துண்டு இருந்தது, அந்த மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையும். நம் தறியில் அறுத்த மிச்சம்தானே அது? ஓர் அங்குலத்துக்கு 60 ஊடை வந்தது. ஐந்தரை மீட்டர் சேலை ஏறக்குறைய 216 அங்குலம். பெருக்கினால் 12,960. ஒரு சேலைக்கு நீ அத்தனை முறை நாடா தள்ளியிருக்கிறாய், அத்தனை முறை நூலை இழுக்காமலும் விடாமலும் பிடித்திருக்கிறாய்.

கணக்கை நோட்டில் எழுதிவிட்டு அதற்குக் கீழே ஊருக்குக் கிளம்பிய அன்று நான் சொன்னதையும் எழுதினேன். ஆசிரியர் பார்ப்பதற்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

பாப்பா

*

காஞ்சிபுரம், செப்டம்பர் 29

பாப்பா,

எண்ணிக்கை எனக்குத் தெரியாது. எண்ணியிருந்தால் தள்ளியிருக்க மாட்டேன்.

என் விலை மட்டும் ஒரு தடவை தெரிந்தது. உனக்குச் சொன்னதில்லை. நீ ஒன்பதாவது படிக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தேனே, அப்போது தறி நிற்கக் கூடாது என்று அப்பா அடுத்த தெருப் பையனை வலப்பக்கம் உட்கார வைத்தார். நாளுக்கு 300 ரூபாய், எட்டு நாளுக்கு 2,400. எண்ணிக் கொடுத்ததைப் படுக்கையிலிருந்து பார்த்தேன். ஒன்பதாம் நாள் நான் எழுந்து உட்கார்ந்தேன், செலவு நின்றுவிட்டது. அப்பாவின் மேல் குறை இல்லை. சேலைக்கு ஒரு கூலிதான் வருகிறது, அவர் எதைப் பிரிப்பார்?

உன்னை நர்ஸ் ஆக்க நினைத்தது இதற்காகத்தான். சம்பளச் சீட்டில் உன் பெயர் இருக்கும்.

ஆயுத பூசைக்கு வா. வளையலை மீட்டு உன் விடுதிப் பணத்தைக் கட்டியாகிவிட்டது என்று அப்பா சொல்வார். மீட்கவில்லை, வேறு இடத்தில் வைத்தேன். அதைக் கேட்காதே.

அம்மா

*

வந்தாள். பூசைக்கு மறுநாள் மதியம் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், “நீ குழியில் இறங்கு, நான் வலப்பக்கம் உட்காருகிறேன்” என்றாள். கல்யாணமாகி 22 வருடத்தில் நான் அந்தக் குழியில் கால் வைத்ததில்லை. மிதி எட்டுவதற்கே கொஞ்ச நேரம் ஆனது. அவள் கரை நாடாவைத் தள்ள, நான் பலகையை அடித்தேன். அவர் திரும்பி வருவதற்குள் ஒன்றரை அங்குலம் வளர்ந்திருந்தது. குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சேலை போன மாதம் உங்களிடம் வந்தது. தரம் பார்ப்பவர் அதை வெளிச்சத்தில் விரித்து அந்த ஒன்றரை அங்குலத்தில் விரல் வைத்து, “இங்கே அடி வேறாக விழுந்திருக்கிறது, கை மாறியிருக்கிறது” என்று சொல்லி 150 ரூபாய் பிடித்துக்கொண்டார். பிடித்தது நியாயம்தான். என் அடி என் வீட்டுக்காரர் அடியைவிட இலேசு, அங்கே துணி கொஞ்சம் கலகலவென்றுதான் இருந்தது. இவ்வளவு கூர்மையான கண் நம் சங்கத்தில் இருப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் அதே சேலையின் வலக்கரை முழுக்க இன்னொரு கை இருக்கிறது. அதற்கு முன் வந்த ஒவ்வொரு கோர்வைச் சேலையிலும் இருந்தது. அதை மட்டும் யாரும் விரல் வைத்துக் காட்டியதில்லை.

கூலியை உயர்த்துங்கள் என்று இந்த மடலில் நான் கேட்கவில்லை, அதைக் கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கோர்வைச் சேலைக்கான கூலிச் சீட்டில் நெய்தவர் பெயருக்குக் கீழே துணையாள் பெயருக்கு இன்னொரு வரி போடுங்கள். கூலியில் துணையாளின் பங்கு எவ்வளவு என்று எழுதி, அதை அவர் கையிலேயே கொடுங்கள். அந்த வரி இருந்தால்தான் வலப்பக்கம் இருப்பவரையும் உறுப்பினராகச் சேர்க்க முடியுமா என்ற பேச்சையாவது தொடங்கலாம். என் மகள் படித்து முடிக்க இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது. திரும்பி வந்து எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவளுக்கு அந்தச் சீட்டு வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரரின் கூலிப் பதிவேட்டையும் அந்த நூல் எண்ணும் கண்ணாடியையும் மேசை மேல் எடுத்து வையுங்கள். அரக்குக் கரைத் துண்டை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வலப்பக்கத்திலிருந்து