ஏழாம் அத்தியாயத்தைப் படித்த பிறகு

கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய நாவலின் கையெழுத்துப் படியை இரண்டு முறை படித்துவிட்டேன். மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன். ஏழாம் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் உடனே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கதையின் உயிர்நிலை அங்கே இருக்கிறது; அங்கேதான் நீ எல்லோரையும் மிக அதிகமாகப் பேசவிட்டிருக்கிறாய்.

அப்பாவின் திதிக்காகச் சென்னையிலிருந்து தம்பி வருகிறான். பேருந்திலிருந்து இறங்கி நடந்து வரும்போது, வாய்க்கால் ஓரத்து ஆறு மா நிலத்தில் வேறு யாரோ ஆள் வைத்துக் குறுவைக்கு நாற்று விடுவதைப் பார்க்கிறான். வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனைக் கேட்கிறான். அண்ணன் பதில் சொல்கிறான். அப்பாவின் வைத்தியச் செலவுக்காக நிலத்தை விற்றது, அப்பாவே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டது, சின்னவனுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டது, அந்த ஆறு மாதமும் தம்பி ஒருமுறைகூட ஊருக்கு வராதது என்று நான்கு பக்கங்களில் எல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. அதற்குப் பின்னால் இன்னும் பன்னிரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. அவற்றை முன்னே இழுத்துச் செல்ல எதுவும் மிச்சமில்லை.

அந்த அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் மூன்று வரி எழுதிப் பார்த்தேன்: அவருக்கு என்ன தெரியும், மற்றவருக்கு என்ன தெரியும் என்று அவர் நினைக்கிறார், ஏன் வாய் திறக்க மாட்டார். முதல் இரண்டு வரிகளும் உன் கதையில் தெளிவாகவே இருக்கின்றன. மூன்றாவது வரியும் இருக்கிறது. நீ அதைக் கவனிக்கவில்லை. அண்ணன் பேசாமல் இருக்க அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு காரணம். தம்பி கேட்காமல் இருக்கக் காரணம், கேட்டால் அண்ணன் திருப்பிக் கேட்கக்கூடிய ஒரே கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. அம்மாவுக்கு இரண்டும் தெரியும், இருவரில் யாரை இழப்பது என்பதுதான் தெரியாது. பேசினால் எதை இழக்க நேரும் என்பது இப்படித் தெளிவாக இருக்கும்போது அந்த மௌனம் தானே நிற்கும். மூன்றாவது வரி காலியாக இருந்தால், பாத்திரத்தின் பெயரால் ஆசிரியர்தான் செய்தியை மறைத்து வைத்திருக்கிறார் என்று பொருள். அதைக் கண்டுபிடிப்பது எளிது: படிப்பவர், "ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடுமே, ஏன் சொல்லவில்லை?" என்று எரிச்சலோடு கேட்பார்.

இன்னொன்று, மறைக்கப்படும் பொருள் வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வெளிவந்தது. உனக்குப் பதினேழு வயதில் நான் கொடுத்தேன், நினைவிருக்கும். அலங்காரத்தைத் தேடிச் சிவசு வீட்டுக்கு வந்து போவது என்னவென்று அவள் கணவர் தண்டபாணிக்குத் தெரியும், அவர் கேட்பதில்லை. அலங்காரமும் விளக்கம் சொல்வதில்லை. ஆனால் சிறுவயதிலேயே மகன் அப்புவைக் காவிரிக் கரைப் பாடசாலைக்கு வேதம் படிக்க அனுப்பியதில், அவள் வாய்விட்டுச் சொல்லாதது முழுவதும் இருக்கிறது. ஊர் திரும்பும் அப்புவோடு நாமும் அறிந்துகொண்ட பிறகு, அந்த வீட்டில் தண்டபாணி பேசும் சாதாரணப் பேச்சுகூடக் கனமாகிவிடுகிறது. நமக்கு எதுவுமே தெரியாமல் இருந்திருந்தால் அவை வெறும் வீட்டுப் பேச்சாகவே கடந்து போயிருக்கும்.

உன் கதையிலும் அந்த வசதி இருக்கிறது. தம்பி நாற்றங்காலைப் பார்த்ததை நாங்கள் அவனோடு நின்று பார்த்துவிட்டோம். இனி அவன் கேட்கத் தேவையில்லை. கால் கழுவிவிட்டு வந்து இலையின் முன் உட்காரட்டும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்திருக்கிறார்கள் என்று நீயே முந்தைய அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாய். ஊருக்கு வருகிற யாரும் கேட்கக்கூடியதை அவனும் கேட்கட்டும். "தண்ணீர் வந்துவிட்டதா?" என்பான். "வந்தது" என்பான் அண்ணன். "வாய்க்கால் ஓரத்துக்குமா?" என்று அவன் அடுத்ததாகக் கேட்டால், அண்ணனுக்கு விளங்கிவிடும், அம்மாவுக்கும் விளங்கிவிடும். அண்ணன் மோர் கேட்கட்டும். அம்மா அண்ணனுக்கு ஊற்றுவதற்கு முன், கேட்காத தம்பியின் இலையில் ஊற்றிவிடட்டும். நான்கு பக்கங்கள் அரைப் பக்கத்துக்குள் வந்துவிடும், சண்டையும் குறையாமல் அப்படியே இருக்கும்.

நம்முடைய மொழி இதற்குத் தரும் உதவியை நீ இன்னும் பயன்படுத்தவில்லை. தமிழில் எதிரில் இருப்பவரை முன்னிலையாக்கி வினைமுற்றைச் சொன்னால் அவருக்கு என்ன மரியாதை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதனால் மனம் கோணியவர்கள் முதலில் தவிர்ப்பது அந்த விகுதியைத்தான். "எப்போது வந்தாய், தம்பி?" என்பது "எப்போது வந்தது?" என்று ஆகிவிடும். "சாப்பிட வாருங்கள், அண்ணா" என்பது "சாப்பிடலாம்" என்று சுருங்கும். முதல் ஆறு அத்தியாயங்களில் அண்ணா என்று அழைக்கும் தம்பி, இந்த இரவிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டால் போதும். யாரும் கோபமாக இருப்பதாக நீ எழுத வேண்டியதில்லை. ஆனால் முன்பு அந்த அழைப்பு காதில் விழும்படி பலமுறை வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நின்றுபோனதை யாரும் உணரமாட்டார்கள். முதல் மூன்று அத்தியாயங்களில் அது மிகக் குறைவாக இருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. இரண்டு மூன்று அத்தியாயங்களுக்கு மேல் ஒரே மௌனத்தை வளர்த்தால் அது இறுகிப்போய், வெறும் பிடிவாதமாகத் தெரியத் தொடங்கும். உடைப்பதை அண்ணன் தம்பி இருவரிடமும் கொடுக்காதே. இது ரகசியம் என்றே தெரியாத ஒருவரிடம் கொடு. நிலத்தை வாங்கியவர் திதி முடிந்த மறுநாள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, அப்பா நல்ல மனதோடு கொடுத்த நிலம், முதல் போகமே நன்றாக வந்தது என்று நன்றியோடு சொல்லிவிட்டுப் போகட்டும். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் அதைக் கேட்பார்கள். மற்றவன் கேட்டதையும் ஒவ்வொருவனும் பார்த்துவிடுவான். இனித் தெரியாததுபோல் இருக்க இருவராலும் முடியாது.

ஒன்றை எழுதத் தயங்கினேன், எழுதிவிடுகிறேன். உனக்கு ஏழு எட்டு வயதிருக்கும்போது, பம்புசெட் சாவி வேண்டுமென்றால் உன்னைத்தான் பெரியப்பா வீட்டுக்கு அனுப்புவேன். வாசலில் நின்று, "அப்பா சாவி கேட்டார்" என்பாய். அவர் உன் கையில் கொடுத்து, "தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் அனுப்பச் சொல்" என்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்; அவர் சொல்வது எனக்குக் கேட்கும், ஆனாலும் நீ வந்து மறுபடி சொல்லும்வரை காத்திருப்பேன். ஏன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உன் நாவலில் அண்ணனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஏழாம் அத்தியாயத்தில் அவள் தூங்கிவிடுகிறாள். அவளை எழுப்பு. சேதி கொண்டுபோகிற குழந்தை அந்த வீட்டில் வேண்டும், அதை உன்னைவிட நன்றாக எழுதக்கூடியவர் இல்லை.

படியைத் திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன். பென்சிலால் அடித்திருப்பவை பெரும்பாலும் பேச்சுகள், அம்மா பேசும் "மோர் போதுமா?" என்ற வரியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். சாவி வாங்கி வந்ததை எழுதுவதாக இருந்தால், அச்சுக்குப் போவதற்கு முன் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீ தொலைபேசியில் கூப்பிட்டால் அவர் எடுப்பார்.

அன்புடன்,
அப்பா