முதலில் அந்த இறக்கத்தை விடு

அன்புள்ள ராசு,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. ஏசுவதை எல்லாம் சேர்த்து நேரில் ஏசிக்கொள். அம்மா சுகம். சின்னவன் ஓ.எல். எழுதுகிறான். மழை விட்டபாடில்லை.

தங்கச்சி போன் எடுத்தது. கிளினிக்கில் சீனி கூட என்றதும் விடிய எழும்பி ஓடத் தொடங்கினாயாம். இப்போது கணைக்கால் நொந்து, நொண்டிக்கொண்டே தைலம் தேய்த்து ஓடுகிறாயாம். பி.டி. பீரியட் வந்தால் கக்கூஸுக்குள் ஒளிந்தவனா நீ?

ஓட்டத்தில் பிழையில்லை மச்சான், பாதையில்தான் பிழை. மேல் டிவிஷனில் இருந்து தார் ரோட்டில் இறங்கி ஓடுகிறாய். இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் பிரேக் பிடிக்கிற அடி. அந்த அதிர்ச்சி கணைக்கால் எலும்புக்கும் போகிறது. மூச்சு இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடும். எலும்பு பழக மாதக் கணக்காகும். மூச்சு வாங்கவில்லை என்று நீ தூரத்தைக் கூட்டியிருப்பாய், ஒரு நாளும் ஓய்வு விட்டிருக்க மாட்டாய். போதாததற்கு அந்தத் தேய்ந்த சப்பாத்து!

விளையாட்டு போகட்டும், இதைக் கவனமாகச் செய். காலின் உள்பக்கம், எலும்பின் ஓரமாகக் கீழிருந்து மேலே விரலால் அழுத்திக்கொண்டே போ. நாலைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக நோகிறது, ஓடத் தொடங்கும்போது நொந்து உடல் சூடானதும் குறைகிறது என்றால் அது ஷின் ஸ்பிளிண்ட்ஸ். ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்துகிறதா, ராத்திரி படுத்திருக்கும்போதும் நோகிறதா, அந்தக் காலில் ஒருதரம் குதிக்க முடியவில்லையா, அப்போது எலும்பில் வெடிப்பு இருக்கலாம். உடனே டொக்டரிடம் போ. எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் நம்பிவிடாதே. முதல் கிழமைகளில் அந்த வெடிப்பு படத்தில் விழாமல் போவதுண்டு.

வெடிப்பு இல்லையென்றால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு நட. சீனிக்கு நடையும் மருந்துதான். சமதரையில் அரை மணி நேரம் வேகமாக நடந்து, நடக்கும்போதும் மறுநாள் காலையிலும் நோவில்லாமல் ஒரு கிழமை போகட்டும். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பள்ளிக்கூட மைதானத்துப் புல்லில் ஒரு நிமிஷம் ஓடு, மூன்று நிமிஷம் நட. இப்படி ஐந்து தரம். இரண்டு மூன்று நாள் இப்படி ஓடியும் மறுநாள் நோவு ஏறவில்லையென்றால் ஓட்டத்தை இரண்டு நிமிஷமாக்கி நடையை இரண்டாகக் குறை. ஏறினால் முந்தின கணக்குக்கே திரும்பு. இருபது நிமிஷம் விடாமல் ஓடும்வரை வேகத்தைத் தொடாதே. இறக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி.

நோவு அடங்கியதும் வாசல் படியில் நின்று குதிக்காலை மெதுவாக உயர்த்தி இறக்கு. முழங்காலை நேராக வைத்துப் பதினைந்து, கொஞ்சம் மடக்கிப் பதினைந்து. மடக்கிச் செய்வதை எல்லோரும் விட்டுவிடுவார்கள்; கெண்டைக்கால் அடித்தசைக்கு அதுதான் வேலை கொடுக்கும்.

அழுத்திப் பார்த்து எங்கே நோகிறது என்று எழுது. தங்கச்சியை விட்டுப் போன் எடுக்காதே, நீயே எழுது.

அன்புடன்,
சிவா