கழுத்து வலிக்குத் தலையணை

அன்புள்ள கயலுக்கு,

கழுத்துப் பிடிப்பு, ராத்திரி வியர்க்கிறது, எல்லாம் தலையணையால்தான் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. கரூரில் தலையணைக் கடைக்காரன் மகள் நீ, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, போகட்டும்.

நீ அனுப்பிய படத்தில் இருப்பது ஜெர்மனிக்காரர்களின் வழக்கமான 80க்கு 80 சென்டிமீட்டர் சதுரத் தலையணை. அதில் தலையோடு தோளும் ஏறிவிடும், அப்புறம் கழுத்துக்குத் தாங்கல் ஏது? உள்ளே இறகு. நடுத்தண்டு இருப்பதால் கொஞ்சம் தாங்கும், ஆனால் தலை அழுந்த அழுந்த ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். காலையில் எழுந்ததும் பார், நடுவில் பள்ளம் இருக்கும். விலை கூடிய டவுன் வாங்கினாலும் உனக்கு உதவாது. அது வாத்தின் நெஞ்சுத் தூவி, தண்டே கிடையாது. மிருதுவாக இருக்கும், சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சின்ன வயதிலிருந்தே நீ ஒருக்களித்துத்தான் படுப்பாய். அப்படிப் படுப்பவர்களுக்கு உயரம் குறையாமல் நிற்பது மெமரி ஃபோம்தான். ஆனால் அது குளிரில் இறுகி, உடல் சூட்டில் இளகும் சரக்கு. குளிர்ந்த அறையில் படுத்ததும் கட்டையாக இருக்கும், இளகிய பின் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு காற்றை விடாது. மேலே ஜெல் பூசியிருந்தாலும் கொஞ்ச நேரம்தான் குளுமை. வியர்க்கிற உனக்கு அது வேண்டாம்.

பாலியஸ்டர் பஞ்சு வாங்கு. மலிவு என்று முகம் சுளிக்காதே. ஜிப் வைத்தது, 40க்கு 80, பஞ்சு நெருக்கி அடைத்தது. அதிகமாக இருந்தால் பிடி பிடியாக எடுத்துவிடலாம். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, அதனால் உறை பருத்தியில்தான் இருக்க வேண்டும். நாளடைவில் தட்டையாகும். இரண்டாக மடித்துக் கையை எடு, திரும்ப விரியாவிட்டால் அதன் காலம் முடிந்தது.

உயரம்தான் முக்கியம். சுவரில் ஒரு பக்கத் தோள் பட நேராக நின்று, காதுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அம்மாவுக்கு அளந்தேன், 13 சென்டிமீட்டர். மெத்தையில் தோள் 3 அமுங்குகிறது, ஆகவே 10. தலை வைத்து அமுங்கிய பிறகு இருக்க வேண்டிய உயரம் அது. கடையில் உப்பி நிற்பதைப் பார்த்து வாங்காதே.

தனியாக அளக்க வராது, மாப்பிள்ளையை அளக்கச் சொல். வீட்டில்தானே இருக்கிறார்? நீ அனுப்பிய படத்தில் ஒரே தலையணைதான் இருந்தது, அதனால் கேட்டேன். அவர் ஊரில் இல்லையென்றால் சுவரோரம் நின்று அளவுகோலோடு படம் எடுத்து எனக்கு அனுப்பு. ராத்திரி இரண்டு மணியானாலும் அனுப்பு. அந்த நேரத்தில் நீ விழித்திருப்பது எனக்குத் தெரியும்.

அப்பா