அரிசி மூட்டையில் ஏறிய கொக்கு யாருடையது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக எங்கள் பில்லில் "பட உரிமம்" என்று தனியாக ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "கூகுள்ல கிடக்கிற படத்துக்கு எதுக்குண்ணே காசு?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கடை வாசலில் நின்று பேசி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நாங்கள் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு அரிசி ஆலைக்கு 26 கிலோ பைக்கு டிசைன் செய்தோம். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு படம் வந்தது. சேற்று வயலில் டிராக்டர், பின்னால் கொக்குக் கூட்டம், சாய்ந்த வெயில். அதை அப்படியே போடவில்லை. இடவலம் திருப்பினோம், டிராக்டரை எடுத்துவிட்டு உழவு மாட்டை வைத்தோம், வானத்தை வேறு படத்திலிருந்து எடுத்தோம், எல்லாவற்றுக்கும் மேல் எண்ணெய் ஓவியம் போலத் தூரிகை ஓட்டினோம். இனி இது நம் படம் என்றுதான் நினைத்தோம். பையும் அச்சாகிக் கடைக்குப் போய்விட்டது.

ஒரு நாள் அந்தப் படத்தை எடுத்தவர் மடிக்கணினியோடு வந்தார். சத்தம் போடவில்லை. தன் படத்தைத் திருப்பி, பாதி ஒளி ஊடுருவும்படி ஆக்கி, எங்கள் டிசைன் மேல் வைத்துக் காட்டினார். பதினோரு கொக்கும் பதினோரு கொக்கின் மேல் போய் உட்கார்ந்தன. ஓரத்தில் ஒரு கொக்கு ஒற்றைக் காலைத் தூக்கி நிற்கும். அந்தக் கால் நுனியில் சொட்டும் சேறு உட்பட எங்கள் பையில் இருந்தது. பேச என்ன இருக்கிறது? அவர் கேட்ட தொகையைக் கொடுத்தோம், மீதிப் பைகளைக் கழித்தோம், ஆலைக்காரருக்குப் புது டிசைன் எங்கள் செலவில்.

அச்சுத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: முப்பது சதவீதம் மாற்றினால் காப்பிரைட் கிடையாது என்று. அப்படி ஒரு கணக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் வேறு. கருத்து யாருக்கும் சொந்தமில்லை, அதை ஒருவர் வெளிப்படுத்திய விதம்தான் அவருடையது. ஏருக்குப் பின்னால் கொக்கு வருவது டெல்டாவில் பிறந்த எல்லோருக்கும் பொது. ஆனால் அந்தப் பதினோரு கொக்கு, அந்த வரிசையில், அந்தக் கோணத்தில், அந்த வெயிலில் நிற்பது, அதற்காக வரப்பில் காத்திருந்தவருடையது. ரெஃபரன்ஸ் என்று சொல்லிக்கொண்டு அதன் மேலேயே வரைந்தால் அது நகல்தான். படத்தில் பெயர் இல்லை, முத்திரை இல்லை என்பதும் அனுமதி ஆகாது. எடுத்த நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்யவும் தேவையில்லை.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் பெரிய இடத்தில் வந்தது. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த படத்தை, 1984-இல் ஒரு பத்திரிகை 400 டாலர் கொடுத்து, ஓவியர் பார்த்து வரைய ஒரே ஒரு முறைக்கு என்று உரிமம் வாங்கியது. வரைந்தவர் ஆண்டி வார்ஹால். அதே வரிசையில் அவர் செய்துவைத்த இன்னொரு ஓவியம் 2016-இல் ஒரு பத்திரிகை அட்டைக்குப் போனது. அதுவும் நியாயமான பயன்பாடுதான் என்ற வாதத்தை 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நம் ஊருக்கு அந்தத் தீர்ப்பு கட்டாயமில்லை. ஆனால் பார்த்து வரைவதற்கும் உரிமம் விற்கிறார்கள், வாங்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, இப்போது எப்படிச் செய்கிறோம்? போன மாதம் நீடாமங்கலம் பக்கத்து ஆலை ஒன்றுக்குச் செய்த பையை வைத்துச் சொல்கிறோம். அவர் மூன்று படம் கொண்டுவந்தார்: வயல், நாற்று நடும் அம்மா, தஞ்சைப் பெரிய கோயில் விமானம்.

வயல் படம், காசுக்குப் படம் விற்கும் ஸ்டாக் தளத்திலிருந்து எடுத்தது, மூலையில் நீர்முத்திரையோடு. முத்திரை உள்ள படம் வைத்துப் பார்ப்பதற்கு மட்டும். ராயல்டி ஃப்ரீ என்றால் இலவசம் என்று பொருளில்லை. ஒரு முறை வாங்கினால் ஒவ்வொரு அச்சுக்கும் தனியாகக் கட்ட வேண்டாம், அவ்வளவுதான். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டிலும் சாதாரண உரிமத்தில் ஐந்து லட்சம் பிரதி வரை அச்சடிக்கலாம். அரிசிப் பைக்குத் தாராளம். படத்துக்காகவே வாங்குகிற பனியன், காபிக் கோப்பை என்றால் பெரிய உரிமம் வேண்டும். சாதாரண உரிமமே வாங்கினோம். (நெல் வயல் என்று தேடினால் பாலித்தீவு படிக்கட்டு வயலும் வியட்நாம் கூம்புத் தொப்பியும்தான் வரிசையாக வரும். நம் தட்டை வயலுக்கு ஒரு மணி நேரம் தேடினோம்.)

நாற்று நடும் அம்மா படத்தின் கீழே `Editorial Use Only` என்று இருந்தது. செய்தி, கட்டுரைக்கு மட்டும் என்று அர்த்தம். பெரும்பாலும் அதில் இருப்பவரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கியிருக்க மாட்டார்கள். எவ்வளவு பணம் கட்டினாலும் அதே உரிமத்தில் அரிசிப் பையில் போட முடியாது. முகத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றார் ஆலைக்காரர். படம் எடுத்தவர் போட்ட நிபந்தனை அப்போதும் அப்படியேதான் இருக்கும். கடைசியில் அவர் வயலுக்கே போனோம். நடவுக்கு வந்திருந்த ஒரு அம்மாவிடம் பை மாதிரியைக் காட்டி, எதற்கு, எத்தனை வருடத்துக்கு என்று தமிழில் எழுதிப் படித்துக் காட்டி, ஒப்புதல் வாங்கிப் பணமும் கொடுத்து எடுத்தோம். "மூஞ்சி நல்லா வந்திருக்கா தம்பி?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. இப்படிப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம், அதாவது ஆலைக்கு.

விமானம்தான் வேடிக்கை. கோயிலுக்கு ஆயிரம் வயது, அதன் மேல் யாருக்கும் பதிப்புரிமை இல்லை. அந்தப் புகைப்படத்துக்கு உண்டு. விக்கிமீடியாவில் இருந்த அதன் உரிமம் `CC BY-SA`. எடுத்தவர் பெயரைப் போட வேண்டும், அது சின்ன வேலை. ஆனால் அதைக் கலந்து செய்து வெளியிடும் படத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். அப்படி விட்டால் பக்கத்து ஆலைக்காரர் உங்கள் பைப் படத்தை எடுத்துத் தன் பையில் போட்டாலும் நீங்கள் தடுக்க முடியாது. இதைச் சொன்னதும் ஆலைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தெருவில் நின்று நாங்களே விமானத்தைப் படம் எடுத்து, அதைக் கோட்டோவியமாக்கிச் சேர்த்தோம்.

ஆகவே வேலை கொடுக்கும்போது வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள். படம் கிடைத்த பக்கத்தின் இணைப்பையும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் எடுத்தவர் விவரம் அழிந்துவிடும், கூகுள் லென்ஸில் போட்டுத் தேடியே எங்களுக்கு அரை நாள் போகிறது. "இந்த மாதிரி" என்று காட்டும்போது அதில் பிடித்தது நிறமா, வெயிலா, ஆள் நிற்கும் இடமா என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும், படத்தைத் தொடாமலே செய்துவிடலாம். ஸ்டாக் படத்தை உங்கள் பெயரில்தான் வாங்குவோம், ரசீதும் உரிமத் தாளும் டிசைன் கோப்போடு வரும், பத்திரமாக வையுங்கள்.

பொங்கல் பைக்கு வயலில் போய்ப் படம் எடுக்க வேண்டியவர்கள் சம்பா நடவு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். கதிர் வந்த பிறகு நாற்றுக்கு எங்கே போவது?

இப்படிக்கு,
கும்பகோணம் டிசைன் கடையிலிருந்து