ஒரு படி எத்தனை கிலோ?

ஆசிரியருக்கு,

தரம் 9இல் படிக்கும் என் மகளுக்குப் பழைய அளவைகள் பற்றிய செயற்றிட்டம் தந்திருக்கிறார்கள். அதிலுள்ள ஒரு கேள்வி: ‘ஒரு படி எத்தனை கிலோ?’ படியும் மரக்காலும் கொள்ளளவு, கிலோ நிறை. கேள்வியே பிழை.

எங்கள் பித்தளைப் படியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். 1 லீற்றர் 130 மில்லிலீற்றர் கொண்டது. அரிசியை நிரப்பித் தராசில் வைத்தால் 900 கிராம். நெல்லோ 645 கிராம்தான். உமியும் இடைவெளியும் இடத்தைப் பிடித்துவிடுகின்றன. ஈர நெல்லென்றால் கணக்கு இன்னும் மாறும்.

அருகில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பப்பா, “தலைதட்டியா, குவித்தா அளந்தீர்கள்?” என்று கேட்டார். குவித்து அளந்தோம், 70 கிராம் கூடியது. அந்தக் காலத்தில் சிலர் விதைநெல்லைத் தலைதட்டிக் கடன் கொடுத்து, குவித்துத் திருப்பி வாங்குவார்களாம். நூறு படிக்கு, வட்டி சேர்க்காமலே, 7 கிலோ நெல்! வாய் அகன்ற மரக்கால் என்றால் குவியலும் பெரிது.

ஊருக்கு ஊர் படியும் வேறு. ஆகவே வினாத்தாளில் ‘எத்தனை லீற்றர்’ என்று கேளுங்கள். கிலோ வேண்டுமென்றால் எந்தத் தானியம், எப்படி அளந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு மாணவியின் தந்தை,
முள்ளியவளை.